டேங்கில் 43 சென்டிமீட்டர், அட்டவணையில் 40-ம் 50-ம் மட்டும்

கேள்வி: தென்னாப்பிரிக்காவில் டொங்காட் பக்கம் எங்கள் கரும்புப் பண்ணையில் படுக்கைவாட்டு டீசல் டேங்க் இருக்கிறது. விட்டம் 1.6 மீட்டர், நீளம் 4.5 மீட்டர். அட்டவணையில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு வரிதான்: 40-க்கு 1,769 லிட்டர், 50-க்கு 2,416. டேங்கில் விடும் அளவுகோல் 43 காட்டினால் என்ன எழுதுவது?

பதில்: முதலில் இரண்டு வரிகளுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள்: 2,416 − 1,769 = 647 லிட்டர். இது 10 சென்டிமீட்டருக்கு உரியது. ஆக ஒரு சென்டிமீட்டருக்கு 64.7. நீங்கள் 40-ஐத் தாண்டி 3 சென்டிமீட்டர் ஏறியிருக்கிறீர்கள், எனவே 194 லிட்டரைக் கீழ்வரியோடு கூட்டினால் 1,963. பள்ளிக்கூடத்தில் இதற்கு இடைச்செருகல் என்று பெயர்.

பலர் தடுக்கி விழுவது 50-லிருந்து எண்ணுவதில்தான். 7 சென்டிமீட்டருக்கான பங்கை எடுத்து 1,769-உடன் கூட்டிவிட்டு 2,222 என்று எழுதிவிடுவார்கள். 43 என்பது 40-க்கு அருகில். விடையும் 1,769-க்கு அருகில்தான் நிற்க வேண்டும். 2,222 அப்படி நிற்கவில்லை என்பதைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம்.

டேங்க் படுத்த உருளை என்பதால் இரண்டு வரிகளுக்கு இடையிலும் கொள்ளளவு நேர்கோட்டில் ஏறாது. பாதி உயரம்வரை மேலே போகப்போக டேங்க் அகலமாகிறது. அதனால் நேர்கோட்டுக் கணக்கு கொஞ்சம் கூடுதலாகச் சொல்லும். பாதிக்கு மேல் டேங்க் குறுகுவதால் குறைத்துச் சொல்லும். உங்கள் டேங்கின் வடிவத்தை வைத்து நேரடியாகக் கணக்கிட்டால் 43-க்கு 1,958 லிட்டர். 5 லிட்டர்தான் பிசகு. கோலை அரை சென்டிமீட்டர் தவறாகப் படித்தாலே 32 லிட்டர் போய்விடும். ஆகவே இந்த 5 லிட்டருக்காகக் கவலைப்பட வேண்டாம், 1,960 என்று எழுதிக்கொள்ளுங்கள்.

டேங்கின் அடிப்பகுதியில் அப்படிக் கவலையில்லாமல் இருக்க முடியாது. முதல் வரி 10 சென்டிமீட்டருக்கு 235 லிட்டர். கோல் 4 காட்டினால் இதே முறை 94 லிட்டர் என்று சொல்லும். உண்மையில் இருப்பது 60. டீசல் இருக்கிறது என்று நம்பி டிராக்டரை வயலுக்கு அனுப்பிவிட்டுத் தவிப்பது இந்த இடத்தில்தான். அடுத்தடுத்த வரிகளின் வித்தியாசத்தை ஒப்பிட்டால் இது முன்கூட்டியே தெரியும். 30-லிருந்து 40-க்கு 595, அடுத்து 647: கிட்டத்தட்ட ஒரே அளவு, நம்பலாம். 0-விலிருந்து 10-க்கு 235, அடுத்து 418: ஏறக்குறைய இரட்டிப்பு, நம்பக் கூடாது. அந்த முதல் வரிக்கு மட்டும் சென்டிமீட்டர் வாரியான அட்டவணை ஒன்று டேங்க் செய்தவரிடம் கேட்டு வாங்குங்கள்.

மாதத்தின் முதல் புதன்கிழமை விலை மாறுவதால் செவ்வாய் மாலை இருப்பு எடுப்பவராக இருந்தால், எப்போதும் ஒரே துளையில் கோலை விடுங்கள். சரிவு நிலத்தில் டேங்க் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அட்டவணையே பொருந்தாது. அதற்கு எந்த இடைச்செருகலும் உதவாது. முதலில் ரசமட்டம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.