உள்மடிப்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நிகழ்ச்சி இதழ்: குறை யாருடையது, மீட்க வழி உண்டா?

கேள்வி: என் மகளின் பரதநாட்டிய அரங்கேற்றத்துக்கு நான்கு பேனல் கொண்ட விசிறி மடிப்பு நிகழ்ச்சி இதழ் 300 படிகள் அச்சிடக் கொடுத்தேன். மூடிய அளவு 99க்கு 210 மில்லிமீட்டர், தாள் 170 ஜிஎஸ்எம் மேட். இரு புறமும் முழுவதும் ஒரே சந்தன நிறம். முகப்பிலும் பின்னட்டையிலும் மட்டும் தங்க நிறக் கரை உண்டு. கோப்பை உறவினர் ஒருவர் வடிவமைத்தார். அச்சகம் முதலில் 40 படிகளை மடித்துக் கொடுத்தது. மூடினால் நடு மடிப்பு அட்டை ஓரத்தைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கிறது. கையை எடுத்தால் சற்றே விரிந்தும் கொள்கிறது. “விசிறி மடிப்பில் எல்லாப் பேனலும் சமமாகத்தான் இருக்கும், இது வழக்கம்தான்” என்கிறார்கள். மீதி 260 படிகள் மடிக்காமல் அச்சகத்தில் இருக்கின்றன. பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: மீதி 260 படிகளை இப்போதைக்கு மடிக்க வேண்டாம் என்று அச்சகத்துக்கு இன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மடிக்காத தாளைக் காப்பாற்ற முடியும், மடித்துவிட்டால் முடியாது என்பதால் பணத்தைப் பற்றிய பேச்சை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அச்சகம் சொன்னது பாதி உண்மை. கடிதத்தை மடிப்பதுபோல் ஒரு பேனல் மற்றொன்றின் உள்ளே புகும் மடிப்பில், உள்ளே போகும் பேனல் குறுகலாக இல்லாவிட்டால் அது உள்ளே அடங்காது. விசிறி மடிப்பில் எதுவும் எதனுள்ளும் புகுவதில்லை. ஆர்மோனியத் துருத்தியைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்கிறது. ஆகவே கணக்குப்படி நான்கும் 99 மில்லிமீட்டராக இருந்தாலே போதும். ஆனால் மடிப்பு எந்திரம் கணக்குப்படி நடப்பதில்லை. அரை மில்லிமீட்டர் அளவுக்கு மடிப்பு இடம் பிசகுவது அன்றாட நிகழ்வு. அந்த அரை மில்லிமீட்டர் உங்கள் கண்ணுக்கு ஒரு முழு மில்லிமீட்டராகத் தெரிகிறது என்பதைத்தான் பலரும் கவனிப்பதில்லை.

ஓர் இதழை விரித்து, இடது ஓரத்திலிருந்து அளவுகோலால் அளந்து பாருங்கள். முதல் மடிப்பு 99இல் விழ வேண்டும், 98.5இல் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நடு மடிப்பு தன் இடமான 198இல் சரியாகவே இருக்கிறது. இப்போது முதல் பேனல் 98.5, இரண்டாவது பேனல் 99.5. மூடும்போது இரண்டாவது பேனல் முதல் மடிப்பிலிருந்து திரும்பி இடப்புறம் வருகிறது. முதல் பேனலைவிட ஒரு மில்லிமீட்டர் நீளமாக இருப்பதால் நடு மடிப்பு அந்த ஒரு மில்லிமீட்டரும் வெளியே எட்டிப் பார்க்கிறது. ஒரே பிசகு ஒரு பேனலைக் குறைத்து அடுத்ததைக் கூட்டுவதால் வரும் இரட்டிப்பு இது. உறையில் இடும்போது முதலில் உரசி மங்குவதும் அந்த விளிம்புதான்.

இதற்காகத்தான் அனுபவமுள்ள அச்சகத்தார் உள்பேனல் இரண்டையும் ஒரு மில்லிமீட்டர் குறுக்கி, 99, 98, 98, 99 என்று வைக்கிறார்கள். முதல் மடிப்பு அரை மில்லிமீட்டர் பிசகினாலும் முதலிரண்டு பேனலும் 98.5 என்று சமமாகிவிடுமே தவிர, நடு மடிப்பு அட்டையைத் தாண்டாது. உள்பேனலைக் குறுக்கி வெட்டுவது என்று பேச்சுவழக்கில் சொன்னாலும், கத்தி உள்பேனலைத் தொடுவதே இல்லை. விரித்த தாளின் மொத்த அகலத்தை 396க்குப் பதிலாக 394 ஆக வெட்டி, மடிப்புக் கோடுகளை அதற்கேற்ப இடம் மாற்றுவதுதான் வேலை. வடிவமைப்புக் கோப்பிலும் அதே அளவுகள் இருக்க வேண்டும். இல்லையேல் ஒரு பேனலின் நிறம் மடிப்பைத் தாண்டி அடுத்த பேனலில் எட்டிப் பார்க்கும்.

உங்கள் உறவினர் கோப்பைச் சமமான நான்கு 99களாகவே செய்திருப்பார் என்று நினைக்கிறேன். பெரும்பாலான வார்ப்புருக்கள் அப்படித்தான் இருக்கின்றன. அச்சகம் அந்தக் கோப்பை அப்படியே பின்பற்றியிருந்தால், உள்பேனல் குறுகவில்லை என்பதை அச்சகத்தின் தவறு என்று காட்டுவது கடினம். மடிப்பு பிசகியது அவர்கள் பொறுப்புதான். ஆனால் அரை மில்லிமீட்டர்ப் பிசகை இத்தொழிலில் யாரும் குறையாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள். 40 படிகளில் பத்தையாவது அளந்து பாருங்கள். பத்திலும் ஒரே பிசகு இருந்தால் எந்திரத்தின் அளவு தவறாக வைக்கப்பட்டிருக்கிறது, சரிசெய்துவிடலாம். ஒவ்வொன்றிலும் வெவ்வேறாக இருந்தால் தாள் எந்திரத்தில் வழுக்குகிறது. ஒரே மடிப்பு மேல் முனையில் ஓர் அளவும் கீழ் முனையில் வேறோர் அளவும் காட்டினால், தாள் கோணலாக வெட்டப்பட்டிருக்கிறது அல்லது கோணலாக உள்ளே போயிருக்கிறது. பின்னிரண்டும், அல்லது மடிப்பு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் நீட்டிக்கொண்டிருப்பதும், என் கணிப்பில் தயங்காமல் திருப்பிக் கொடுக்கக்கூடிய குறைகள்.

இனி அந்த 260 படிகள். அவற்றை 394க்கு வெட்டத் தேவையில்லை. மொத்த அகலம் 396 ஆகவே இருக்கட்டும், நடு மடிப்பும் 198இலேயே இருக்கட்டும். முதல் மடிப்பை 99இலிருந்து 100க்கும், மூன்றாம் மடிப்பை 297இலிருந்து 296க்கும் நகர்த்தச் சொல்லுங்கள். பேனல்கள் 100, 98, 98, 100 ஆகிவிடும். இப்போதைய அரை மில்லிமீட்டர்ப் பிசகு அப்படியே தொடர்ந்தாலும் முதலிரண்டு பேனல்கள் 99.5, 98.5 என்று அமைந்து, நடு மடிப்பு அட்டைக்குள் ஒரு மில்லிமீட்டர் ஒடுங்கியிருக்கும். மூடிய இதழ் ஒரு மில்லிமீட்டர் அகலமானாலும், 110க்கு 220 அளவுள்ள டிஎல் உறையில் தாராளமாக அடங்கும்.

இதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, முகப்பின் மடிப்பு ஓரத்தில் பக்கத்துப் பேனலின் ஒரு மில்லிமீட்டர் பட்டை வந்து சேர்வதுதான். இரு புறமும் ஒரே சந்தன நிறம் என்பதால் அது தெரியாது. முகப்பு அரக்காகவும் உள்ளே வெள்ளையாகவும் இருந்திருந்தால் இந்த வழியை நான் சொல்லியிருக்க மாட்டேன். தங்கக் கரை ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர் உள்ளே இருக்கிறது என்றால், மடிப்புப் பக்கம் மட்டும் இடைவெளி 6 ஆகும்; அதை யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் மூடிய அளவு 99ஆகவே இருக்கட்டும் என்று வெளி ஓரத்தில் ஒரு மில்லிமீட்டரை வெட்டிவிட்டால் ஒரு பக்கம் 4, மறுபக்கம் 6 என்றாகி, கரை சாய்ந்து தெரியும். ஆகவே வெட்ட விடாதீர்கள்.

மடித்த 40 படிகளுக்கு இந்த வைத்தியம் இல்லை. நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பைக் கத்தியில் கொடுத்துச் சீராக்கலாமே என்று தோன்றும். அது நடு மடிப்பு என்பதால், வெட்டினால் இதழ் இரண்டாகப் பிரிந்துவிடும். மேல் கீழ் ஓரங்களை மட்டுமே மடித்தபின் வெட்டலாம்.

கையை எடுத்தால் விரிந்துகொள்வது வேறு நோய். உள்பேனலைக் குறுக்கினாலும் அது தீராது. அது தாளின் நார் ஓட்டத்தைப் பொறுத்தது. நார் ஓடும் திசைக்கு இணையாக மடித்தால் தாள் பணிந்து படுக்கும். குறுக்கே மடித்தால் எதிர்த்து எழும், மடிப்பில் மையும் வெடிக்கும். விரித்த இதழை 396 நீளவாக்கில் ஒருமுறையும் 210 அகலவாக்கில் ஒருமுறையும் உருளைபோல் மெல்ல வளைத்துப் பாருங்கள். மடிப்புகளுக்கு இணையாக வளைக்கும்போது கை அதிக எதிர்ப்பை உணர்ந்தால், நார் குறுக்கே ஓடுகிறது. டிஜிட்டல் அச்சில் 450க்கு 320 அளவுள்ள எஸ்ஆர்ஏ3 தாளில் நார் நீளவாக்கில் ஓடுவதே அதிகம் கிடைப்பதால், இந்த அளவு இதழுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அச்சாகிவிட்ட தாளில் நாரை மாற்ற முடியாது. ஆனால் மடிப்பதற்கு முன் கிரீசிங் செய்து, அதாவது கோட்டின்மேல் பள்ளம் அழுத்தி, மடித்தபின் ஓரிரவு கனமான பொருளின் கீழ் வைத்தால் பெருமளவு அடங்கும். 170 ஜிஎஸ்எம் தாளுக்குக் கிரீசிங் செய்தார்களா என்று கேளுங்கள். செய்யவில்லை என்றால், அங்கே உங்கள் புகாருக்கு நியாயமான பிடி இருக்கிறது.

பணத்தைப் பற்றி. சொந்த நிகழ்ச்சிக்காக வாங்கியதால் நீங்கள் பயனீட்டாளர். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் நடப்பில் உள்ள குறைபாட்டுப் பொருள் சட்ட விதிகள் உங்களுக்கு உதவும். ஆனால் அவ்விதிகளின்படி முதலில் கேட்க வேண்டியது பழுதுபார்ப்பு அல்லது மாற்றுப்பொருள்; அது நியாயமான காலத்துக்குள் நடக்காவிட்டால்தான் விலைக்குறைப்பு அல்லது பணம் திரும்பப் பெறுதல். உங்கள் நிலையில் நான் 260 படிகளை மேற்சொன்ன அளவில் கிரீசிங்குடன் மடித்துத் தரும்படியும், 40 படிகளுக்கு மறு அச்சு அல்லது அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ளும்படியும் கேட்பேன். மறுத்தால் சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தை நாடலாம். அதற்கும் மசியாவிட்டால் 20,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கும் சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது, வழக்கறிஞர் தேவையில்லை. இரண்டுக்கும் நீங்கள் ஒப்புதல் கொடுத்த புரூஃப், விலைப்பட்டியல், அளவுகோலோடு எடுத்த படங்கள் ஆகியவை வேண்டும். புரூஃபில் மடிப்பு அளவுகள் எழுதப்பட்டு நீங்கள் ஒப்புக்கொண்டிருந்தால், பேச்சு அந்த எண்களில் இருந்துதான் தொடங்கும்.

பின்னொரு முறை மூன்று அல்லது ஐந்து பேனல் இதழ் செய்ய நேர்ந்தால் இந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நான்கு பேனலில் முதல் ஓரமும் கடைசி ஓரமும் ஒரே பக்கம் வந்து சேர்வதால் இரண்டையும் அகலமாக வைத்தால் உள்மடிப்பு நடுவே மறைகிறது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் கடைசி ஓரம் எதிர்ப்பக்கம் போய்விடும்; அங்கே 99, 98, 99 என்று வைத்தால் பின்னட்டை முகப்பைத் தாண்டி ஒரு மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும். முகப்பை மட்டும் 99ஆக வைத்து, மற்ற எல்லாவற்றையும் 98ஆகக் குறுக்கச் சொல்லுங்கள். கோப்பின் மறுபுறத்தில் இந்த வரிசை இடவலமாகத் திரும்பும் என்பதையும் வடிவமைப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.

260 படிகளையும் எந்திரத்தில் விடும் முன், ஐந்தைக் கையால் மடித்துத் தரச் சொல்லி, மூடிய நிலையில் மேசைமீது தட்டி நிறுத்தி, திறந்த ஓரத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் அட்டையின் இரு விளிம்புகளை மட்டுமே தொட வேண்டும்.