'திருப்பித் தரப்படாது' என்று ரசீதில் இருந்தால் பணம் போனதுதானா?

"வக்கீல் சார், எனக்கு அம்பாசமுத்திரம். சென்னையில் வளர்ந்து வரும் ஒரு பிரியாணிக் கடையின் ஃப்ரான்சைஸ் எடுக்க, அவர்கள் இணையப் பக்கத்தில் இருந்த ஃபார்மை நிரப்பினேன். மொத்த முதலீடு 12 லட்சம், ராயல்டி கிடையாது என்று போட்டிருந்தார்கள். நீங்கள் தேர்வாகிவிட்டீர்கள், அம்பை ஏரியாவை வேறு யாருக்கும் கொடுக்காமல் வைக்க 50,000 கட்டுங்கள் என்றார்கள். கட்டினேன். அப்புறம் வந்த ஒப்பந்த வரைவில் மாத விற்பனையில் 5 சதவீதம் ராயல்டி என்று இருக்கிறது. வேண்டாம் என்றேன். ரசீதில் 'திருப்பித் தரப்படாது' என்று இருக்கிறதாம். பணம் அவ்வளவுதானா?"

இல்லை. ஆனால் முதலில் ஒரு வேலை இருக்கிறது. 'ராயல்டி கிடையாது' என்ற அந்தப் பக்கம் இன்னும் அப்படியே இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். நீங்கள் நோட்டீஸ் அனுப்பிய மறுநாள் அந்த வரி மாயமாகிவிடலாம். முகவரியும் தேதியும் தெரியும்படி முழுப் பக்கத்தையும் படம் பிடித்துக்கொள்ளுங்கள். நிரப்பிய ஃபார்ம், 'தேர்வாகிவிட்டீர்கள்' என்று வந்த செய்தி, பணம் போன விவரம், ஒப்பந்த வரைவு எல்லாவற்றையும் அழிக்காமல் அதே போனில் வைத்திருங்கள். கோர்ட்டில் மின்னணு ஆவணம் தாக்கல் செய்ய, இப்போதைய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆவது பிரிவின்படி சான்றிதழ் இணைக்க வேண்டும். அதை உங்கள் வக்கீல் தயார் செய்வார். மூலம் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

நம் நாட்டில் ஃப்ரான்சைஸுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. அதனால் 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தைத்தான் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் நிரப்பியது விசாரணை ஃபார்ம். அதில் கடைக்கான ஒப்பந்தம் ஏற்படவில்லை. வரைவில் நீங்கள் கையெழுத்தும் போடவில்லை. நீங்கள் மீறுவதற்கு ஒப்பந்தமே இல்லாதபோது, மீறியதாகச் சொல்லிப் பணத்தை நிறுத்தி வைப்பது நிற்காது. ஏரியாவை ஒதுக்கியதே தனி ஒப்பந்தம் என்று அவர்கள் வாதிடலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும், ராயல்டி இல்லை என்பதை நம்பித்தானே பணம் கட்டினீர்கள்? 18, 19ஆவது பிரிவுகளின்படி, தவறான தகவலால் பெற்ற சம்மதத்தை நீங்கள் ரத்து செய்யலாம்.

அந்த 5 சதவீதத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 3 லட்சம் விற்றால் 15,000. வருடத்துக்கு 1,80,000. ஐந்து வருடத்தில் 9 லட்சம், உங்கள் முதலீட்டில் முக்கால் பங்கு. லாபமே வராத மாதத்திலும் விற்பனையில் இதைக் கொடுத்தாக வேண்டும். இது சின்ன விவரம் என்று எந்த நீதிபதியிடமும் சொல்ல முடியாது. நோட்டீஸில் இந்தக் கணக்கையே எழுதச் சொல்லுங்கள்.

'திருப்பித் தரப்படாது' என்ற வரிக்கும் எல்லை உண்டு. எந்த நட்டமும் ஏற்படாமல், ஷரத்தை மட்டும் காட்டி முன்பணத்தைப் பறிமுதல் செய்ய முடியாது என்று 2015இல் கைலாஷ் நாத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவை விளக்கியது. அவர்கள் ஆள் அனுப்பி உங்கள் இடத்தைப் பார்த்திருந்தால், அந்தச் செலவைக் கழிக்கக் கேட்பார்கள். நியாயமான தொகை என்றால் ஒத்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபார்முக்கு வருகிறேன். இப்படிப்பட்ட ஃபார்ம்களில் 'கடையை நீங்களே நடத்துவீர்களா, முதலீடு மட்டுமா?' என்று ஒரு கேள்வி இருக்கும். அதில் எதற்கு டிக் போட்டீர்கள் என்று பாருங்கள். வணிக நோக்கத்துக்காகச் சேவை பெறுபவர் நுகர்வோர் ஆகமாட்டார். ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவருக்கு 2019 நுகர்வோர் சட்டம் விலக்கு தருகிறது. 'நானே நடத்துவேன்' என்று போட்டிருந்தால், திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட வாய்ப்பு இருக்கிறது. சென்னைக்கு அலைய வேண்டாம். நீங்கள் வசிக்கும் ஊர் போதும். இந்தத் தொகைக்குக் கட்டணமும் இல்லை. 'முதலீடு மட்டும்' என்று போட்டிருந்தால் அந்தக் கதவைத் தட்டி நாட்களை வீணாக்காதீர்கள், சிவில் வழக்குதான்.

அதே ஃபார்மில் கையிருப்பு எவ்வளவு என்றும் கேட்டிருப்பார்கள். கடன் வாங்கித் திரட்ட நினைத்த பணத்தையும் கையில் இருப்பதாக எழுதியிருந்தால், என்னிடமோ உங்கள் வக்கீலிடமோ மறைக்காதீர்கள். எதிர்த்தரப்பு முதலில் அதைத்தான் எடுத்துப் போடும்.

ஸ்பீட் போஸ்டில் 15 நாள் அவகாசம் கொடுத்து நோட்டீஸ் அனுப்புங்கள். ரத்து செய்கிறேன், காரணம் ராயல்டி பற்றிய தவறான தகவல், 50,000 திரும்ப வேண்டும். இந்த மூன்று போதும். 'மோசடி, போலீஸ்' என்று ஆரம்பிக்க வேண்டாம். ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததை நிரூபித்தால்தான் அது நிற்கும். அதே அம்பை ஏரியாவை இன்னொருவருக்கும் ஒதுக்கிப் பணம் வாங்கியிருக்கிறார்கள் என்று தெரிந்தால் மட்டும் திரும்ப எனக்கு எழுதுங்கள், அப்போது விஷயம் வேறு.

பதில் வராவிட்டால் அம்பை கோர்ட் வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் வழக்குக்கு முந்தைய மனு கொடுங்கள். கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்பைக் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதிலும் முடியாவிட்டால்தான் வழக்கு. பணம் கட்டிய நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் என்றே கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். நுகர்வோர் ஆணையம் என்றால் இரண்டே வருடம்.