ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? வழி கேட்டவர்களுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவற்றில் சேர வேண்டிய இடம் மட்டும் இருக்கிறது. எங்கிருந்து, எதில், எந்த ஊரில் என்பது இல்லை. ஊகித்துப் பதில் சொல்ல முடிந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா நகருக்கு எந்த பஸ்ஸில் போகலாம்?

எந்த அண்ணா நகர்? சென்னையிலும் இருக்கிறது, மதுரையிலும் இருக்கிறது. ஊர் பெயரோடு மறுபடி எழுதுங்கள். கே.கே. நகர் கேட்டிருந்தவருக்கும் இதேதான். அது சென்னை, மதுரை, திருச்சி மூன்றிலும் உண்டு.

கேள்வி: தாம்பரத்தில் இருந்து சென்ட்ரல் போக எவ்வளவு நேரம் ஆகும்?

இவர் இரண்டு முனையையும் சொல்லிவிட்டார், நன்றி. எதில் போகிறார் என்பதைத்தான் விட்டுவிட்டார். மின்சார ரயில் என்றால் பார்க் ஸ்டேஷனில் இறங்கி எதிரே நடந்தால் சென்ட்ரல், மொத்தம் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பஸ் என்றால் காலை நெரிசலில் ஒன்றரை மணிக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை மின்சார ரயில்கள் குறைவு, அன்றைய அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: மதுரையில் மாட்டுத்தாவணியில் இறங்குவதா, ஆரப்பாளையத்தில் இறங்குவதா?

அதை நீங்கள் முடிவு செய்வதில்லை, நீங்கள் கிளம்பும் ஊர் முடிவு செய்கிறது. கோவை, ஈரோடு, திண்டுக்கல், தேனி பக்கத்து பஸ்கள் ஆரப்பாளையத்துக்கு வரும். சென்னை, திருச்சி, நெல்லை, ராமேஸ்வரம் பக்கத்து பஸ்கள் மாட்டுத்தாவணிக்கு வரும். ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏற வேண்டியிருந்தால் நடுவே நகரத்தைக் கடக்க வேண்டும், டவுன் பஸ்ஸில் அரை மணிக்கு மேல் ஆகும். ரயிலில் வருபவர்களுக்குப் பக்கத்தில் இருப்பது பெரியார் பஸ் ஸ்டாண்ட். அங்கிருந்து இரண்டு இடத்துக்கும் டவுன் பஸ் கிடைக்கும்.

கேள்வி: காலை 6 மணிக்கு விமானம். ஏர்போர்ட்டுக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்? மேப்பில் 35 நிமிடம் காட்டுகிறது.

இந்த மாதிரிக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. எந்த ஊர் ஏர்போர்ட் என்று ஒரு வார்த்தை இல்லை. திருச்சியில் ஏர்போர்ட் ஊரை ஒட்டியே இருக்கிறது. கோவையில் காந்திபுரத்தில் இருந்து அவிநாசி ரோட்டில் பத்து கிலோமீட்டர் போல. மதுரையில் நகருக்குத் தெற்கே அதைவிடக் கொஞ்சம் கூடுதல். சென்னையில் வீடு எந்தப் பக்கம் என்பதைப் பொறுத்து இருபது நிமிடமும் ஆகலாம், இரண்டு மணி நேரமும் ஆகலாம். மேப் காட்டிய 35 நிமிடம் நீங்கள் அதைத் தட்டிய நேரத்து நிலவரம். அதுவும் பெரும்பாலும் கார் கணக்கு. நீங்கள் பஸ்ஸிலோ ரயிலிலோ போகப்போகிறீர்கள் என்றால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. வண்டிக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் சேரவில்லை.

சரி, சென்னை என்றே வைத்துக்கொள்வோம். கணக்கைப் பின்னாலிருந்து போட வேண்டும். உள்நாட்டு விமானத்துக்கு லக்கேஜ் வாங்கும் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுவார்கள், அதாவது 5 மணிக்கு. வாசலில் அடையாள அட்டை பார்க்கும் வரிசை, கவுன்டர் வரிசை எல்லாம் இருக்கிறது. அதனால் 4.30 மணிக்காவது வாசலில் நிற்க வேண்டும். அந்த நேரத்துக்கு மெட்ரோ உதவாது, அது 5 மணி வாக்கில்தான் ஓடத் தொடங்கும். மின்சார ரயிலும் அந்த நேரத்தில் ஒன்றிரண்டுதான் ஓடும், அதை நம்ப முடியாது. ஆக கார் அல்லது டாக்ஸிதான். ஆவடியில் வீடு என்றால் மதுரவாயல் பைபாஸைப் பிடித்து அந்த நேரத்தில் ஐம்பது நிமிடத்தில் வந்துவிடலாம். பத்து நிமிடம் கூடுதலாக வைத்தால் 3.30 மணிக்கு வீட்டு வாசலில் இருந்து வண்டி நகர வேண்டும். டாக்ஸியை 3.30க்கு வரச் சொல்லக் கூடாது, 3.10க்கு வரச் சொல்ல வேண்டும். டிரைவர் தெருவைக் கண்டுபிடித்து வரும் நேரத்தில்தான் பலருக்கும் விமானம் தவறுகிறது. தாம்பரத்தில் வீடு என்றால் அதே விமானத்துக்கு 4 மணிக்குக் கிளம்பினால் போதும்.

இதே ஆவடிக்காரர் மதியம் 1 மணி விமானத்துக்குப் போகிறார் என்றால் நான் ரயிலைத்தான் சொல்வேன். ஆவடியில் இருந்து சென்ட்ரலுக்கு லோக்கல் ரயில் முக்கால் மணிக்கு மேல், அங்கே இறங்கி மெட்ரோவுக்கு நடக்கப் பத்து நிமிடம், மெட்ரோவில் ஏர்போர்ட்டுக்கு முக்கால் மணி, இரண்டு இடத்திலும் காத்திருக்கும் நேரம். மொத்தம் இரண்டு மணி நேரம். 11.30க்கு ஏர்போர்ட்டில் இருக்க வேண்டும், அப்படியானால் 9.30க்கு ஆவடி ஸ்டேஷனில் நிற்க வேண்டும். டாக்ஸியில் இதைவிடச் சீக்கிரம் போய்விடலாம்தான், ஆனால் பகல் நெரிசலில் அது ஒரு மணியா ஒன்றே முக்கால் மணியா என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. விமானத்துக்குப் போகும்போது வேகத்தைவிட அந்த உறுதிதான் முக்கியம். தாம்பரத்துக்காரர் பகலில் மின்சார ரயிலில் ஏறினால் கால் மணியில் திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரிலேயே ஏர்போர்ட். பெட்டி கனமாக இருந்தால் படிக்கட்டுகளுக்கும் சேர்த்து நேரம் ஒதுக்குங்கள்.

ஒரே விமானம், ஒரே ஊர், வீடு மட்டும் வேறு. அதற்கே அரை மணி வித்தியாசம் வந்துவிட்டது. விமானம் பகலுக்கு மாறினால் வண்டியே மாறிவிடுகிறது. அதனால்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன்: எங்கிருந்து, எதில், எத்தனை மணிக்கு.

கேள்வி: கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்டுக்குப் போக எளிதான வழி?

மறுபடியும் தொடங்கும் இடம் இல்லை. பீச், எழும்பூர், மாம்பலம், கிண்டி, தாம்பரம் வழியில் இருப்பவர்கள் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் வண்டலூரில் இறங்கி பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகலாம். தாம்பரத்தோடு நின்றுவிடும் ரயிலில் ஏறிவிடாதீர்கள். கோயம்பேடு பக்கத்தில் இருப்பவர்கள் மாநகர பஸ்ஸில் போகலாம், ஆனால் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது, மாலையில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். மாதவரம் பக்கத்துக்காரர்கள் உங்கள் ஊர் பஸ் மாதவரத்தில் இருந்தே கிளம்புகிறதா என்று முதலில் பாருங்கள். தென்மாவட்ட பஸ்களில் சில அங்கிருந்தும் போகின்றன. டிக்கெட்டில் ஏறும் இடம் அச்சாகியிருக்கும், அதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள்.

கேள்வி: கோவையில் இருந்து ஊட்டிக்கு எப்படிப் போவது?

சொந்தக் காரிலா, பஸ்ஸிலா? கார் என்றால் கிளம்புவதற்கு முன் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்தில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு அது தேவையில்லை. பஸ் மேட்டுப்பாளையம் ரோட்டில் உள்ள பஸ் ஸ்டாண்டில் கிடைக்கும். உக்கடத்தில் போய் நிற்காதீர்கள், அது பொள்ளாச்சி, பாலக்காடு பக்கம் போகிறவர்களுக்கு. கோடை சீசனில் காரில் போனால் குன்னூர் வழியாக ஏறச் சொல்லி, இறங்கும்போது கோத்தகிரி வழியாகத் திருப்பிவிடுவார்கள். அதனால் திரும்பும் நேரத்தைப் போன நேரத்தை வைத்துக் கணக்குப் போடாதீர்கள், மேட்டுப்பாளையத்தில் ரயில் பிடிக்க வேண்டியிருந்தால் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள்.