“காசு வாங்கிட்டாங்க” என்றால் வாங்கியது யார்?

கேள்வி: பினாங்கு ஆயர் ஈத்தாமிலிருந்து ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேரமாகச் செய்தி அனுப்புகிறேன். இங்கே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் லிப்ட் ஓடவில்லை. 11ஆம் மாடிப் பாட்டி ஒருவர் 9 நிமிடம் பேசினார். கோர்வையே இல்லை. ‘மேற்கோள் இல்லாத செய்தி செத்த செய்தி’ என்கிறார்கள் ஆசிரியர் பகுதியில். அவர் பேச்சைச் சீர்செய்து மேற்கோளில் போடலாமா, இல்லை என் நடையில் எழுதிவிடவா? பதிவில் உள்ள பகுதியையும் நான் எழுதியதையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: உங்கள் நடையில் எழுதுங்கள். ஆனால் அதற்கு முன் பாட்டியிடம் திரும்பப் போக வேண்டும். இதைப் போனிலேயே சொல்லிவிட்டேன், நீங்களும் சலிக்காமல் 11 மாடி ஏறி இறங்கிவிட்டீர்கள். ஏன் போகச் சொன்னேன் என்பதை மற்றவர்களுக்காகவும் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பாட்டி பேசியது இது: “லிப்டா… லிப்டு வந்து தம்பி, எங்க வூட்டுக்காரரு இருக்கறப்பவே ரோசாக்கு. வந்து பாத்தாங்க, காசு வாங்கிட்டாங்க. அந்தத் தம்பி நல்ல தம்பிதான், நான் சொல்லக் கூடாது. இப்ப நோன்புப் பெருநாளுக்கு முன்னால மறுபடி ரோசாக்கு. எனக்குக் கால்வலி. செய்றோம் செய்றோம்னாங்க, எங்க செஞ்சாங்க?”

நீங்கள் மேற்கோள் குறிக்குள் எழுதியது இது: “லிப்ட்டைப் பழுதுபார்ப்பதாகக் கூறி எங்களிடம் பணம் பெற்ற நிர்வாகக் குழுவினர் இன்றுவரை அதைச் சரிசெய்யவில்லை.” கூடவே ‘வேதனையுடன் கூறினார்’.

இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் படித்துப் பாருங்கள். நிர்வாகக் குழு என்ற சொல் பாட்டியின் வாயில் வரவே இல்லை. “வாங்கிட்டாங்க” என்றார், அவ்வளவுதான். தமிழில் எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது சகஜம். அதோடு, ‘ஆங்க’ என்று முடிந்தால் அது பல பேராகவும் இருக்கலாம், மரியாதைக்குச் சொன்ன ஒரே ஆளாகவும் இருக்கலாம். நேரில் கேட்கும்போது கை காட்டிய திசையிலும் முகத்திலும் நமக்கு ஏதோ புரிந்த மாதிரி இருக்கும். எழுத உட்கார்ந்ததும் வாக்கியம் எழுவாய் கேட்கும். நாம் ஏற்கெனவே மனத்தில் வைத்திருக்கும் வில்லனைப் பிடித்து அங்கே உட்கார வைத்துவிடுவோம். நீங்கள் செய்ததும் அதைத்தான்.

காலமும் கலந்துவிட்டது. பணம் வாங்கியது ‘வூட்டுக்காரரு இருக்கறப்ப’. பழுது நிற்பது ‘இப்ப’. இரண்டுக்கும் நடுவில் பாட்டி எதையோ விட்டுவிட்டார். அந்த இடைவெளியை நீங்கள் பசை போட்டு ஒட்டியதும், காசு வாங்கி ஏமாற்றினார்கள் என்ற குற்றச்சாட்டு பிறந்துவிட்டது. பாட்டி அப்படி ஒரு குற்றச்சாட்டு சொல்லவே இல்லை.

“மேற்கோளில்தானே போட்டேன், அவர் சொன்னது அவர் பொறுப்பு” என்று பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடுங்கள். ஒருவர் சொன்ன அவதூறைத் திரும்ப அச்சிடுபவரும் அதற்குப் பொறுப்பாளிதான். 1957ஆம் ஆண்டு அவதூறுச் சட்டம் இருக்கிற நாட்டில் மேற்கோள் குறி குடை ஆகாது. பாட்டி சொல்லாததை அவர் வாயில் போட்டு அச்சிட்டால், நாளைக்கு “நான் அப்படிச் சொல்லலையே” என்று அவரே சொல்வார். அப்போது பதிவும் அவர் பக்கம்தான் பேசும்.

சரி, திரும்பப் போனீர்களே, என்ன கிடைத்தது? நான் கேட்கச் சொன்னவை மூன்றே கேள்விகள்: காசு வாங்கியது யார், எப்போது, ‘செய்றோம்’ என்றது யார்? காசு வாங்கியது லிப்ட் பார்க்க வந்த ஆள். கணவர் இருந்த காலத்தில், வீட்டுக்கு 20 வெள்ளி. அதற்கப்புறம் லிப்ட் இரண்டு வருடம் நன்றாக ஓடியதாம். இந்த முறை யாரும் காசே கேட்கவில்லை. ‘நல்ல தம்பி’ வேறு ஆள், கீழே இருக்கும் காவலாளி. பாட்டியின் அரிசிப் பையை மாடிக்குத் தூக்கிக்கொண்டு வருகிறவர். நாம் பேப்பரில் போட்டு அவர் வேலைக்கு ஆபத்து வந்துவிடப் போகிறதே என்றுதான் “நான் சொல்லக் கூடாது” என்றிருக்கிறார். அந்த வரியை அப்படியே மேற்கோளில் போட்டிருந்தால், பாட்டி ஏதோ ஊழலை மறைக்கிறார் என்றுதான் படிக்கிறவர் நினைத்திருப்பார். ‘செய்றோம்’ என்றது நிர்வாக அலுவலகத்தில் இருக்கும் பெண்.

இப்போது எழுதலாம். நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

‘நோன்புப் பெருநாளுக்கு முன்பிருந்தே லிப்ட் ஓடவில்லை என்றார் 11ஆம் மாடியில் வசிக்கும் மூதாட்டி ஒருவர். கணவர் இருந்த காலத்தில் பழுதானபோது வீட்டுக்கு 20 வெள்ளி வாங்கிச் சரிசெய்ததாகவும், இம்முறை யாரும் பணம் கேட்கவில்லை என்றும் அவர் சொன்னார். அவருக்குக் கால்வலி. நிர்வாக அலுவலகத்தில் கேட்டதைப் பற்றிச் சொல்லும்போது, “செய்கிறோம், செய்கிறோம் என்றார்கள். எங்கே செய்தார்கள்?” என்றார்.’

தகவல் எல்லாம் உங்கள் நடையில் வந்துவிட்டது. மேற்கோளில் நிற்பது ஒரே இடம். 9 நிமிடத்தில் அந்த ஒன்றைத்தான் அவர் தலையும் வாலுமாக, தெளிவாகச் சொன்னார். அதற்கு முன்னும் பின்னும் எதையும் ஒட்ட வேண்டியதில்லை. உளறலான பேச்சில் இப்படி ஒரு வரி அநேகமாக எப்போதும் இருக்கும், பதிவை இரண்டாம் முறை கேட்டால் அகப்படும். ‘வேதனையுடன்’ வேண்டாம், அந்த வரியிலேயே வேதனை இருக்கிறது. அப்புறம் அலுவலகத்தைக் கூப்பிட்டு அவர்கள் பதிலையும் வாங்கிச் சேருங்கள்.

‘செய்றோம்’ என்பதை ‘செய்கிறோம்’ ஆக்கினேனே, அது திருத்தம் இல்லையா? அசோசியேட்டட் பிரஸ் கையேடு மேற்கோளுக்குள் இலக்கணப் பிழையைக்கூடத் திருத்தாதே என்கிறது. ஆங்கிலத்துக்கு அது சரி. நம் மொழியில் பேச்சு ஒரு கரை, எழுத்து ஒரு கரை. நான் வைத்திருக்கும் அளவுகோல் இது: பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் நேராக அதே சொல்லின் எழுத்து வடிவம் நிற்க வேண்டும். ‘செஞ்சாங்க’ என்பது ‘செய்தார்கள்’ ஆகலாம், ‘சீரமைப்புப் பணிகளை மேற்கொண்டனர்’ ஆகக் கூடாது. பேச்சு வழக்கிலேயே விட்டாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அதே செய்தியில் ஒய்.பி. மட்டும் சுத்தத் தமிழில் பேசிக்கொண்டிருந்தால், பாட்டியைக் கேலி செய்கிற மாதிரி ஆகிவிடும். அவரும் நேரில் “பாக்கலாம் பாக்கலாம்” என்றுதான் பேசியிருப்பார்.

போலி மேற்கோளைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. குறிக்குள்ளே ‘தான் பணம் கட்டியதாகவும்’ என்று வந்தால் அது மேற்கோளே இல்லை. தன்னைப் பற்றிப் பேசும்போது யாரும் ‘நான்’ என்றுதான் சொல்வார்கள். எதிர்ப்பக்கமும் உண்டு. குறியை எடுத்துவிட்டு ‘நான்’ என்பதை மாற்ற மறந்தால், பணம் கட்டியது பாட்டியா நிருபரா என்று வாசகர் விழிப்பார். நம் பத்திரிகைகளில் இரண்டும் வாரம் தவறாமல் வருகின்றன. பார்க்க வேண்டிய உதவி ஆசிரியர் அந்த நேரத்தில் நாலு பக்கத்தை ஒற்றை ஆளாக முடித்துக்கொண்டிருப்பார், பாவம்.

இப்போது என் பழைய கோபத்துக்கு வருகிறேன். தடுமாறிப் பேசுகிறவர் பக்கத்தில் எப்போதும் ஒருவர் நிற்பார். குடியிருப்புத் தலைவராக இருக்கலாம், கிளைச் செயலாளராக இருக்கலாம். “அவர் என்ன சொல்ல வர்றாருன்னா…” என்று ஆரம்பிப்பார். பளிச்சென்று, தலைப்புக்கு ஏற்ற வாக்கியமாக வந்து விழும். பெரியவரும் களைப்பில் “ஆமா, ஆமா” என்பார். நாம் அந்த வாக்கியத்தைப் பெரியவர் பெயரில் மேற்கோளாகப் போட்டுவிடுவோம். நான் நிருபராகச் சேர்ந்த முதல் வருடம் ஒரு தோட்டத்தில் அப்படித்தான் செய்தேன். அந்தப் பெரியவர் மூன்றாம் நாள் பஸ் பிடித்து அலுவலகத்துக்கு வந்து, பேப்பரை மேசையில் விரித்து, “இது யாரு தம்பி பேசினது?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

‘ஆமா’ மேற்கோள் ஆகாது. கேள்வியை நீங்களே நீளமாகக் கேட்டு, அவர் தலையாட்டினாலும் அதே கதைதான். “நிருபர் கேட்டபோது ஆமோதித்தார்” என்று எழுதுங்கள். பக்கத்தில் நின்றவர் சொன்னதை அவர் பெயரிலேயே போடுங்கள். பெயர் போட வேண்டாம் என்று அவர் நழுவினால், ஏன் பேசினார் என்பது உங்களுக்கே புரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ஒய்.பி.யின் உதவியாளர் மேற்கோள் குறியோடு தயாராக அனுப்பி வைப்பதும் இதே சரக்குதான். அதை ‘அறிக்கையில் தெரிவித்தார்’ என்று எழுதுங்கள். ‘நம்மிடம் கூறினார்’ என்று எழுதாதீர்கள், அவர் நம்மிடம் வாயே திறக்கவில்லை.

தெளிவில்லாத பேச்சைச் சுருக்கி நம் நடையில் எழுதச் சொன்னேன். இதற்கு ஒரே விதிவிலக்கு, குழப்பமே செய்தியாக இருக்கும் இடம். நிர்வாக அலுவலகத்தைக் கூப்பிடும்போது உங்களுக்கே இது நேரலாம். அதிகாரி இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: “அடுத்த மாசம் பாக்கலாம், பாகங்கள் வரணும், வந்தா செய்யலாம், சொல்ல முடியாது.” நம் பழக்கம் என்ன? ‘அடுத்த மாதத்திற்குள் லிப்ட் சீர்செய்யப்படும் என அதிகாரி உறுதியளித்தார்.’ எங்கே உறுதியளித்தார்? அவர் கழுவிய மீனில் நழுவிய மீனாகப் பேசியிருக்கிறார், நாம் அதற்கு உறுதிமொழி வேஷம் கட்டிவிட்டோம். அடுத்த மாதம் லிப்ட் ஓடாதபோது அவர், “நான் சொல்ல முடியாதுன்னுதானே சொன்னேன்” என்பார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கும்.

இங்கே முழுதாக, அதே வரிசையில், இழுவையோடு மேற்கோள் போடுங்கள். நடுவில் மூன்று புள்ளி வைத்து ‘பாகங்கள் வரணும்’ என்பதை வெட்டினால்கூட நிபந்தனை காணாமல் போய், வாக்கு மட்டும் மிஞ்சும். இடம் இல்லை, முழுதாகப் போட முடியாது என்று மேசையில் சொன்னால், ‘எப்போது சரியாகும் என்று அதிகாரியால் சொல்ல முடியவில்லை’ என்று ஒரே வரியில் எழுதிவிடுங்கள். ‘உறுதியளித்தார்’ மட்டும் வேண்டவே வேண்டாம். மிரட்டல், மன்னிப்பு, ஒப்புக்கொள்ளல் எல்லாவற்றுக்கும் இதுதான். சொன்ன சொல்லே சங்கதியாக இருக்கும்போது, சொல்லை மாற்றினால் சங்கதியும் மாறிவிடும்.

மேற்கோள் எடுத்த இடம் பதிவில் எத்தனையாவது நிமிடம், எத்தனையாவது நொடி என்பதைக் குறிப்பேட்டில் எழுதி வையுங்கள். பாட்டியின் அந்த ஒரு வரிக்கும் சேர்த்துத்தான். செய்தி வந்ததும் பதிவை அழித்துவிடாதீர்கள். ஒரு செய்திக்கு நமக்குக் கொடுக்கும் காசில் புதுப் போன் வாங்க முடியாது, தெரியும். இடம் போதவில்லை என்றால் கல்யாண வீடியோக்களை அழியுங்கள்.