இரண்டு இரகசியங்கள்

கேள்வி: என் நண்பனுக்கு 24 வயது. அவன் ஆண்களை விரும்புபவன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். வீட்டில் பெண் பார்க்கிறார்கள். ஒரு மாதமாகச் சரியாகத் தூங்காமல் இருந்தவன், ஞாயிற்றுக்கிழமை தன் கமராவை எனக்குத் தந்துவிட்டு, “நான் இல்லாட்டி வீட்டில எல்லாருக்கும் நிம்மதி” என்றான். இப்போது அமைதியாகிவிட்டான். யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?
— வாசகர், உப்புவெளி, திருகோணமலை

பதில்: இன்றே அவரிடம் போங்கள். தூக்கமின்மையும் கல்யாணப் பேச்சின் நெருக்கடியும் தனித்தனியே வந்திருந்தால் வேறு விதமாக யோசித்திருக்கலாம். ஆனால், தான் வீட்டாருக்குப் பாரம் என்ற பேச்சும், ஆசையாக வைத்திருந்த பொருளைக் கொடுத்துவிடுவதும் அவற்றோடு சேரும்போது ஆபத்து அருகில் இருப்பதாகவே கொள்ள வேண்டும். எனக்கு அதிகம் கவலை தருவது அந்த அமைதிதான். பிரச்சினை எதுவும் தீராத நிலையில் ஒருவர் திடீரென்று தெளிந்துவிட்டால், உள்ளுக்குள் ஒரு முடிவை எடுத்துவிட்டாரோ என்று கேட்டே ஆக வேண்டும்.

கேட்பதைச் சுற்றி வளைக்காமல் கேளுங்கள். “மச்சான், சாகலாம் எண்டு யோசிக்கிறியா?” என்பது போதும். இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பலர் அஞ்சுகிறார்கள். அது நடப்பதில்லை, பெரும்பாலும் கேட்கப்பட்டவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கிறது. “அப்படி ஒண்டும் யோசிக்கிறேல்லைத்தானே?” என்று மட்டும் கேட்காதீர்கள், அந்தக் கேள்வியிலேயே இல்லை என்ற பதிலை நீங்கள் கொடுத்துவிடுகிறீர்கள். ஆம் என்றால், எப்படி, எப்போது என்று நினைத்திருக்கிறார் என அடுத்துக் கேளுங்கள். வழியும் நேரமும் முடிவாகியிருந்தால் அன்று அவரை ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது. குடும்ப மானம், அம்மாவின் கண்ணீர் ஆகியவற்றைச் சொல்லித் தடுக்க முயல வேண்டாம், ஏனெனில் அவரை நெரிப்பவை அவையே.

இனிச் சத்தியத்துக்கு வருவோம். உங்களிடம் இருப்பவை இரண்டு இரகசியங்கள். அவர் யாரை விரும்புகிறார் என்பது அவருடையது. அதை நீங்கள் எவரிடமும் சொல்லக் கூடாது. ஒருபாலுறவைக் குற்றமாக்கும் தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகள் நீக்கப்படாத நாட்டில், அதை யாருக்குச் சொல்வது என்பதை அவர் ஒருவரே தீர்மானிக்க வேண்டும். அவருடைய உயிர் ஆபத்திலிருக்கிறது என்ற இரண்டாவது இரகசியத்தை நீங்கள் காக்கக் கூடாது. அதை அவரிடமே சொல்லுங்கள்: “உன்ர விசயம் என்னோட இருக்கும். ஆனா சாகப்போறன் எண்டதை நான் மறைக்க மாட்டன்.”

இந்தப் பிரிப்பு நடைமுறையில் உதவும். வழக்கமாக முதலில் பெற்றோருக்கு அறிவிக்கச் சொல்வோம். இவர் விடயத்தில் “ஏன்?” என்ற கேள்வி வீட்டிலிருந்து வந்து, அதற்கான பதில் வெளியானால் ஆபத்து கூடிவிடலாம். ஆகவே அவர் நம்பும் ஒருவரை, ஒரு அக்காவையோ மாமாவையோ, அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். அப்படித் தெரிவானவரிடமும் “தூக்கமில்லை, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்கிறது, தனியே விடக் கூடாது” என்பதோடு நிறுத்துங்கள்.

அன்றிரவு அவரோடு தங்குங்கள், அல்லது உங்கள் வீட்டுக்கு அழைத்து வாருங்கள். பூச்சிமருந்தும் மிகுதி மாத்திரைகளும் வீட்டில் இருந்தால் ஒளித்துவைப்பது போதாது. வீட்டை விட்டே அகற்ற வேண்டும். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணியக்கூடியது, தணியும்வரை கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமலிருப்பதே உயிரைக் காக்கிறது. 1990களில் நச்சுத்தன்மை மிகுந்த பூச்சிமருந்துகள் தடைசெய்யப்பட்ட பின்னர் இலங்கையில் தற்கொலை மரணங்கள் பெருமளவு குறைந்ததை நாம் கண்டிருக்கிறோம். மதுவையும் அன்று தவிர்க்கச் செய்யுங்கள்.

அவர் பக்கத்தில் இருக்கும்போதே 1926ஐ அழையுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் அந்த இலக்கம் இரவிலும் இயங்கும். கிடைக்காவிட்டால் உளவள ஆலோசனை இலக்கமான 1333க்கு எடுங்கள், அதற்குக் கட்டணமில்லை. அவர் தீங்கு செய்துகொள்ள முற்பட்டாலோ, உங்களால் தடுக்க முடியாது என்று தோன்றினாலோ, 1990 அம்புலன்ஸை அழைத்துத் திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். பொலிஸ் வழக்கு வரும் என்று தயங்க வேண்டாம். தற்கொலை முயற்சி 1998முதல் இந்நாட்டில் குற்றமல்ல. வைத்தியரிடம் தன் ஈர்ப்பைப் பற்றிச் சொல்வதா என்பதை அவரே முடிவு செய்யட்டும். எந்த மருத்துவராவது அதை மாற்றித் தருவதாகச் சொன்னால் வேறொருவரிடம் செல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது.

இந்த இரவு கடந்தாலும் பெண் பார்க்கும் பேச்சு நிற்காது. பெண் வீட்டார் அடுத்து எந்த நாளில் வருகிறார்கள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளிலும் அதற்கு முந்தைய இரவிலும் அவரோடு இருங்கள்.