மாதுளைத் தோலில் தழும்பும் துளையும்: உள்ளே பாதிப்பு உண்டா என்று கண்டறிவது

"எங்கள் வீட்டு மாதுளைக் காய்களில் சொரசொரப்பான தழும்புகள் உள்ளன. மூன்று காய்களில் சிறு துளைகளும் தெரிகின்றன. உள்ளே கெட்டிருக்குமா? அறுக்காமல் கண்டுபிடிக்க முடியுமா?"

தழும்புகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. பிஞ்சாக இருக்கும்போது இலைப்பேன்கள் தோலைச் சுரண்டிச் சாறு உறிஞ்சிய இடமும், காற்றில் கிளையோடு உராய்ந்த இடமும், காய் பெருக்கப் பெருக்கப் பழுப்பு நிறத்தில் தக்கை போல் காய்ந்துவிடுகின்றன. நகத்தால் கீறிப் பாருங்கள். உலர்ந்த பொருக்கு உதிர்ந்து, அடியில் தோல் கெட்டியாகவே இருந்தால், பாதிப்பு தோலோடு நின்றுவிட்டது. தழும்பு ஈரமாகவோ, அழுத்தினால் அமுங்குவதாகவோ இருந்தால் மட்டும் அந்தக் காயைத் தனியே கவனியுங்கள்.

துளைகளை அவ்வளவு எளிதாக விட்டுவிட முடியாது. காரணம், மாதுளையைத் தாக்கும் காய்த்துளைப்பான் ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு; தாய்ப்பூச்சி பூவிலோ காயிலோ முட்டையிட, பொரித்த புழு உள்ளே நுழைந்து முத்துக்களைத் தின்று, எச்சத்தைத் துளை வழியாக வெளியே தள்ளுகிறது. ஆகவே துளையின் அளவைவிட அதன் வாயில் ஒட்டியிருப்பதையே முதலில் பார்க்க வேண்டும். சென்ற பருவத்தில் எங்கள் மரத்தில் துளையுள்ள இரண்டு காய்களை மாலையில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு, மறுநாள் காலையில் பார்த்தேன். ஒன்றில் புதிய கரும்பழுப்பு எச்சம் வந்திருந்தது. முகர்ந்தால் புளித்த நாற்றம் அடித்தது. அறுத்தபோது புழு உள்ளேயே இருந்தது. ஓர் அறையின் முத்துக்கள் முழுவதும் பழுத்து அழுகியிருந்தன. மற்றொன்றின் துளை உலர்ந்து சுத்தமாக இருந்தது. அதில் மெல்லிய ஈர்க்கு ஒன்றை அழுத்தாமல் நுழைத்தேன். இரண்டு மில்லிமீட்டர் அளவிலேயே கெட்டியான தோலில் முட்டி நின்றது. அந்தக் காயின் உள்ளே எந்தக் குறையும் இல்லை. ஈர்க்கு தடையின்றி ஆழமாக இறங்கினால், எச்சம் இல்லாவிட்டாலும் புழு தின்றுவிட்டு வெளியேறியிருக்கலாம் என்றே கொள்ள வேண்டும்.

இந்தச் சோதனை ஓர் இடத்தில் ஏமாற்றிவிடும். பழம் உறிஞ்சும் அந்துப்பூச்சி இரவில் வந்து குத்தும் துளை குண்டூசி முனை அளவே இருக்கும். அதில் ஈர்க்கு நுழையாது, எச்சமும் இராது. ஆனால் அது சாற்றை உறிஞ்சிய வழியில் பூஞ்சையும் பாக்டீரியாவும் நுழைந்து சில நாட்களில் அழுகலை உண்டாக்குகின்றன. அத்தகைய புள்ளியைச் சுற்றிக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வட்டமாக நிறம் மாறி, தோல் மெத்தென்று அமுங்கினாலோ, சாறு கசிந்தாலோ உள்ளே அழுகத் தொடங்கிவிட்டது.

உங்கள் மூன்று காய்களில் எச்சம் வருவதை இன்றே பறித்து, புழுவோடு சேர்த்து அழித்துவிடுங்கள். மரத்தடியில் போட்டால் புழு கூட்டுப்புழுவாகி மீண்டும் பூச்சியாக வரும். துளை உலர்ந்து, ஈர்க்கும் ஆழமாக இறங்காதவற்றை ஒரு வாரம் தினமும் பார்த்துவந்தால் போதும்.