தரகரா, மில் முதலாளியா: தேங்காய்ப் பாக்கிக்கு யார் மீது வழக்குத் தொடுப்பது?

கேள்வி: வாடிப்பட்டிப் பக்கம் எனக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. சொந்த வியாபாரம் என்று சொல்லி வந்த ஒருவருக்கு, உரித்த தேங்காய் எட்டு டன், கிலோ 40 ரூபாய் என்று கடனுக்குக் கொடுத்தேன். ஒரு லட்சம் முன்பணம் போக 2,20,000 ரூபாய் பாக்கி. இப்போது அவர், "நான் காங்கேயத்து எண்ணெய் மில்லுக்கு வாங்கிக் கொடுத்த ஆள்தான், அங்கே கேளுங்கள்" என்கிறார். மில்லில், "அவருக்கு முழுப் பணமும் கொடுத்தாயிற்று, உங்களை எங்களுக்குத் தெரியாது" என்கிறார்கள். நான் யார் மீது வழக்குப் போடுவது?

பதில்: இருவர் மீதும், ஒரே வழக்கில்.

பிறருக்காக ஒப்பந்தம் செய்யும் முகவர் அதற்குச் சொந்தப் பொறுப்பு ஏற்பதில்லை என்பதே 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 230 சொல்லும் பொது விதி. ஆனால் யாருக்காக வாங்குகிறார் என்ற பெயரை முகவர் வெளியிடாத இடத்தில், அவரே பொறுப்பேற்க ஒப்புக்கொண்டதாக அதே பிரிவு அனுமானிக்கிறது. ஆகவே "நான் வெறும் ஆள்தான்" என்று சரக்கு போன பிறகு சொல்வது அவரை விடுவிக்காது. அடுத்து வரும் பிரிவு 233, முகவர் இவ்வாறு சொந்தப் பொறுப்புக்கு உள்ளாகும்போது அவரையோ, அவருக்குப் பின்னால் இருந்த முதன்மையாளரையோ, இருவரையுமோ பொறுப்பாக்கலாம் என்கிறது. அந்தப் பிரிவு தரும் எடுத்துக்காட்டு உங்கள் நிலைமையையே ஒத்தது: 100 பொதி பருத்தியை விற்ற ஒருவர், வாங்கியவர் வேறொருவரின் முகவர் என்று பின்னர் அறிந்தால், விலைக்காக அவ்விருவரில் ஒருவர் மீதோ இருவர் மீதுமோ வழக்குத் தொடுக்கலாம். பணம் ஒரு முறைதான் கிடைக்கும். யாரிடமிருந்து வசூலாகிறது என்பதுதான் விரிவடைகிறது.

தரகர் மீதான வழக்கு ஏறக்குறைய நேரானது. மில் மீதான வழக்கு ஒரே ஒரு கேள்வியில் நிற்கும் அல்லது விழும்: அந்த மனிதர் மில்லுக்காக வாங்கினாரா, அல்லது தமக்கென வாங்கி மில்லுக்கு விற்றாரா? இரண்டாவதானால் மில் உங்களுக்கு முதன்மையாளரே அல்ல, அவரிடம் சரக்கு வாங்கிய இன்னொரு வாடிக்கையாளர் மட்டுமே. உங்கள் தேங்காய் அவர்கள் களத்தில் காய்ந்து கொப்பரையானது என்பதற்காக அவர்கள் உங்களுக்குக் கடன்பட்டவர்கள் ஆகிவிட மாட்டார்கள். இதைத் தரகரின் வாய்வார்த்தையை மட்டும் நம்பி நிறுவ முடியாது, ஏனெனில் பொறுப்பைத் தட்டிக்கழிக்க அவருக்குக் காரணம் இருக்கிறது.

பார்க்க வேண்டியது பணம் ஓடிய வழி. அவருக்குக் கிடைத்தது டன்னுக்கு இவ்வளவு என்ற கமிஷனா, அல்லது 40-க்கு வாங்கி 43-க்கு விற்ற லாபமா? கமிஷன் என்றால் முகவர், விலை வித்தியாசம் என்றால் பெரும்பாலும் சொந்த வியாபாரி. உங்களுக்கு வந்த ஒரு லட்சம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாஸ்புக்கை எடுத்துப் பாருங்கள். மில்லின் கணக்கிலிருந்து நேராக வந்திருந்தால் அது வலுவான தடயம். லாரிக்கு வாடகை கொடுத்தவர் யார், எடைமேடைச் சீட்டு யார் பெயரில் இருக்கிறது, எடை குறைந்தாலும் காய் அழுகினாலும் நட்டம் யார் தலையில் விழும் என்று பேசியிருந்தார்கள் என்பவையும் இதே கேள்விக்கான விடைகள். தரகருக்கும் மில்லுக்கும் இடையிலான கணக்குப் புத்தகத்தை நீங்கள் பார்த்திருக்க முடியாது. வழக்குத் தொடுத்தபின் அதைத் தாக்கல் செய்யும்படி நீதிமன்றம் வழியாகக் கோரலாம்.

மில் இன்னொரு வாதத்தையும் எடுக்கக்கூடும்: "எங்களுக்காக வாங்கச் சொன்னது உண்மை, ஆனால் 36 ரூபாய்க்கு மேல் கொடுக்கச் சொல்லவில்லை." தம் பெயரில் மட்டும் வாங்கிய முகவர் கொடுத்த அதிகாரத்தை மீறிவிட்டால், மறைந்திருந்தவர் பின்னர் அதை ஏற்றுக்கொண்டாலும் அந்த ஒப்பந்தம் அவரைக் கட்டாது என்று 1901-இல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை ஒரு கோதுமை வழக்கில் தீர்ப்பளித்தது, அந்தத் தர்க்கம் இங்கும் முன்வைக்கப்படலாம். ஆகவே இதே மனிதர் உங்கள் ஊரில் மில்லுக்காக முன்பும் என்ன விலைக்கு வாங்கினார், மில் மறுக்காமல் பணம் தந்ததா என்று அண்டைத் தோப்புக்காரர்களிடம் இப்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அவருக்குப் பணம் கொடுத்தாயிற்று" என்ற பதிலுக்கு வருகிறேன். விவசாயிகள் மனம் தளர்ந்து வீடு திரும்புவது இந்தப் பதிலைக் கேட்டுத்தான். தம் முகவரிடம் பணம் கொடுத்ததாலேயே முதன்மையாளர் விடுபடுவதாகப் பிரிவு 234 சொல்லவில்லை. முகவரை மட்டுமே பொறுப்பாக்குவீர்கள் என்ற நம்பிக்கையை நீங்கள் முதன்மையாளருக்கு ஊட்டி, அதை நம்பி அவர் செயல்பட்டிருந்தால், பிறகு அவரைப் பொறுப்பாக்க முடியாது என்பதே அந்தப் பிரிவு. மில் இருப்பதே உங்களுக்குத் தெரியாத நாளில் அவர்கள் தரகருக்குக் கொடுத்த பணத்துக்கு நீங்கள் எந்த நம்பிக்கையையும் ஊட்டியிருக்க முடியாது. அது அவர்கள் இருவருக்கும் இடையிலான கணக்கு. மில் அதைத் தரகரிடமே கேட்டுக்கொள்ளட்டும்.

ஆனால் இன்றிலிருந்து நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்தப் பிரிவின் கீழ் படிக்கப்படும். "நான் அவரிடமே வாங்கிக்கொள்கிறேன், நீங்கள் அவர் கணக்கை முடித்துவிடுங்கள்" என்று மில் மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, அதை நம்பி அவர்கள் மிச்சப் பணத்தைத் தரகருக்குக் கொடுத்துவிட்டால், மில் மீதான உங்கள் உரிமை போய்விடும். தரகருக்கும் அப்படியே: "இனி மில்தான் பொறுப்பு" என்று அவருக்கு எழுதிக் கொடுக்காதீர்கள். வக்கீல் நோட்டீஸ் ஒன்றே இருவர் பெயருக்கும் போக வேண்டும், அதில் இருவரிடமும் கோருவதாக வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும்.

முதலில் தரகர், பிறகு பார்க்கலாம் என்று காத்திருப்பதும் ஆபத்து. கடன் தவணை எதுவும் குறிக்காமல் விற்ற சரக்கின் விலைக்கு, சரக்கைக் கொடுத்த நாளிலிருந்து 3 ஆண்டுகள் என்பது 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் கெடு. குறிப்பிட்ட தவணை பேசியிருந்தால் அந்தத் தவணை முடிந்த நாளிலிருந்து 3 ஆண்டுகள். வழக்கின் நடுவில் ஒருவரைப் புதிய பிரதிவாதியாகச் சேர்த்தால், அவரைப் பொறுத்தவரை வழக்கு அன்றுதான் தொடங்கியதாகப் பிரிவு 21 கணக்கிடுகிறது. நல்லெண்ணத்தில் நேர்ந்த தவறு என்று காட்டினால் மட்டும் நீதிமன்றம் முந்தைய தேதியை ஏற்கலாம். அந்தச் சலுகையை நம்பி இருக்க வேண்டியதில்லை. யாரிடம் பரிகாரம் பெறுவது என்று ஐயம் இருக்கும்போது பலரையும் ஒருசேரப் பிரதிவாதிகளாக்கலாம் என்று உரிமையியல் நடைமுறைச் சட்டம், கட்டளை 1, விதி 7 தெளிவாக அனுமதிக்கிறது. சரக்கை ஏற்றிய இடம் உங்கள் தோப்பு என்பதால், வழக்குக்காகக் காங்கேயம் வரை அலையவும் வேண்டாம்; வழக்குமூலத்தின் ஒரு பகுதி இங்கே எழுந்திருக்கிறது, இந்த எல்லைக்குரிய நீதிமன்றத்திலேயே தொடுக்கலாம்.

பாக்கிக்காகத் தரகர் தம் கையெழுத்தில் காசோலை ஏதும் கொடுத்திருந்தால், அதை மட்டும் தனியாக வைத்துப் பாருங்கள். காசோலையில் பெயர் இல்லாத மில்லை அந்தக் காசோலையை வைத்துப் பிடிக்க முடியாது. அது பணமாகாமல் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டம், பிரிவு 138-இன் கீழான புகார் தரகர் மீது மட்டுமே. வங்கியிலிருந்து தகவல் வந்த 30 நாட்களுக்குள் அவருக்கு எழுத்துமூல நோட்டீஸ் போயாக வேண்டும். மில்லைத் தேங்காய் விற்ற ஒப்பந்தத்தின் பேரில்தான் பொறுப்பாக்க முடியும். ஆகவே புகார் நடந்தாலும் மேலே சொன்ன உரிமையியல் வழக்கைத் தள்ளிப்போடாதீர்கள்.